டிராக்டர் பதிவுச் சான்றை நேரடியாகப் பெறும் முறை

டிராக்டர் ஆர்.சி. புத்தகத்தைப் படமெடுத்து டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தால் அது வெறும் நகலே. போக்குவரத்துத் துறையின் பதிவேட்டிலிருந்து நேராக எடுக்கும் சான்றோ அசலுக்குச் சமமானது. சாலைச் சோதனையில் அதைக் காட்டலாம் என மத்திய அரசு 2018-இல் அறிவித்தது.

ஆதாருடன் இணைந்த செல்பேசி எண்ணைக் கொண்டு டிஜிலாக்கரில் கணக்குத் தொடங்கவும். வாகனப் பதிவுச் சான்றைத் தேடியெடுத்து, பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கொடுக்கவும். சான்று Issued என்ற பகுதியில் வந்து சேரும்.

ஆதாரில் 'முருகேசன்' என்றும், பதிவேட்டில் 'முருகேசன் ஆறுமுகம்' என்றும் இருந்தால் பெயர் பொருந்தாமல் சான்று வராமற் போகலாம். அப்போது பெயரை ஒன்றுபோலத் திருத்திய பின் மீண்டும் முயலவும். தந்தை பெயரிலுள்ள டிராக்டருக்குத் தந்தையின் கணக்கிலேயே எடுக்க வேண்டும்.