ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள்

பதினாறு வயது மாணவன் ஒருவன் 1500 மீட்டர் ஓட்டத்துக்குத் தானே பயிற்சித் திட்டம் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உடற்கல்விப் பாடத்தில் வரும் ‘ஃபிட்’ விதி அவனிடம் நான்கு கேள்விகளைக் கேட்கிறது. வாரத்தில் எத்தனை நாள்? எவ்வளவு கடினமாக? ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம்? என்ன வகைப் பயிற்சி? அவன் எழுதும் பதில் இது: மூன்று நாள், மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகம், 20 நிமிடம், ஓட்டம். வாரத்துக்கு மொத்தம் 60 நிமிடம்.

‘பேச முடிகிற வேகம்’ என்பதை லேசாக எண்ண வேண்டாம். 220இலிருந்து வயதைக் கழித்து, உச்ச நாடித்துடிப்பு 204 என்று கணக்கிடலாம்தான். ஆனால் அது சராசரிக் கணக்கு. ஒருவருடைய உண்மையான உச்சம் பத்துக்கும் மேல் கூடவோ குறையவோ இருக்கலாம். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பதே மாணவர்களுக்கு நம்பகமான அளவு என்பேன்.

இதே 60 நிமிடத்தை இரண்டு மாதம் ஓடினால் என்ன ஆகும்? முதலில் முன்னேற்றம் தெரியும், பிறகு நின்றுவிடும். அந்தச் சுமைக்கு உடல் பழகிவிட்டது. மேலும் மாற அதற்குக் காரணம் இல்லை. அதனால்தான் சுமையைப் படிப்படியாகக் கூட்டுகிறோம். 1940களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயமடைந்த வீரர்களின் தசைகளை மீட்க, வலு கூடக் கூட எடையைக் கூட்டும் முறையை வகுத்தார். ஓட்டத்துக்கும் அடிப்படை அதுதான்.

எதைக் கூட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாள், வேகம், நேரம் மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு சமயத்தில் ஒன்றுதான் மாற வேண்டும். நம் மாணவன் இரண்டாம் வாரம் 22 நிமிடமும் மூன்றாம் வாரம் 24 நிமிடமும் ஓடலாம். வாரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. நான்காம் வாரம் மீண்டும் 20. உடல் தேறுவது இந்த இறக்கத்தில்தான், இதை நீக்கிவிடாதீர்கள். ஐந்தாம் வாரம் மீண்டும் 24. ஆனால் ஒரு நாள் மட்டும் அதே நேரத்துக்குள் உடலைச் சூடேற்றிவிட்டு, 400 மீட்டரை நான்கு முறை வேகமாக ஓடி, நடுவே இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். கூடியது கடினம் மட்டுமே. பிறகு நான்காவது நாளைச் சேர்க்க விரும்பினால், 72 நிமிடத்தையே 18 வீதம் நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் அதைவிட அதிகக் காலம் தேவை. ‘இன்னும் ஓடலாம்’ என்று மூச்சு சொல்லும்போதே முன்கால் எலும்பு தளர்ந்துகொண்டிருக்கும். கணுக்காலுக்கு மேலே எலும்பின் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காலையில் எழுவதற்கு முன்பே நாடியை எண்ணி நோட்டில் குறித்து வாருங்கள். வழக்கமாக 62 இருப்பது மூன்று நாளாக 70 தாண்டி, காலும் கனத்தால், முந்தைய வாரத்தின் அளவுக்கு இறங்கிவிடுங்கள்.