கல்யாண வீட்டு ஏணி

கல்யாண வீட்டு முகப்பில் சீரியல் லைட் கட்டுபவர், எட்டாத கடைசிக் கொக்கிக்காக ஏணியிலிருந்து எக்கும்போதுதான் பெரும்பாலும் விழுகிறார். இறங்கி ஏணியை நகர்த்த இரண்டு நிமிடம் ஆகும். அந்தச் சோம்பல் வராமலிருக்க, ஏணியை எங்கெங்கே போடுவது என்பதை ஏறும் முன்பே தரையில் முடிவு செய்துவிட வேண்டும்.

முகப்பு 20 அடி அகலம், கொக்கிகள் 12 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஏணியில் நிற்பவரின் தொப்புள் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் உடல் எடை ஒரு பக்கமாகப் போய் ஏணி சுவரோடு சறுக்கும். தொப்புளை நகர்த்தாமல் கையை நீட்டினால் பக்கத்துக்கு இரண்டடி எட்டும். ஆகவே ஓர் இடத்திலிருந்து 4 அடி வேலைதான். ஒரு ஓரத்திலிருந்து 2, 6, 10, 14, 18 அடிகளில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால், ஏணியை ஐந்து இடங்களில் போட வேண்டும் என்பது ஏறும் முன்பே தெரிந்துவிடும்.

சாய்வுக்கு ஒரு கணக்கு உண்டு. 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் ஏணிக்கால் சுவரை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். 12 அடியில் சுவரைத் தொடும் ஏணிக்கு 3 அடி. இன்னும் கிட்டே வைத்தால் ஏறுபவரோடு பின்னால் சாயும். அதிகம் தள்ளினால் கால் வழுக்கும். டேப் இல்லையென்றால் ஏணிக்காலில் பாதத்தை ஒட்டி நின்று கைகளைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டிப் பாருங்கள். உள்ளங்கை ஏணிப்படியைத் தொட்டால் சரி.

வாசல் கழுவிய ஈரமும் கோலப்பொடியும் வழுக்கும். துடைத்துவிட்டுத்தான் ஏணி போட வேண்டும். மண் தரையானால் அடியில் அகலமான பலகை வையுங்கள். மேடு பள்ளத்தைச் சரிக்கட்ட ஒரு காலுக்கு மட்டும் செங்கல் முட்டுக் கொடுப்பதை எந்த நாளும் ஏற்க முடியாது.

கீழே நிற்பவருக்கு அதுதான் வேலை. ஏணியின் இரண்டு சட்டங்களையும் பிடித்துக்கொண்டு நிற்பவர், போன் வந்தாலும் பந்தல்காரர் கூப்பிட்டாலும் நகரக் கூடாது. மேலே இருப்பவர் எக்கத் தொடங்குவது முதலில் தெரிவதும் அவருக்குத்தான். "அண்ணே, இறங்குங்க, தள்ளிப் போடலாம்" என்று அவர் சொன்னால், மேலே இருப்பவர் வாதாடாமல் இறங்க வேண்டும். வயரையும் மாலையையும் கயிற்றில் கட்டிக் கீழிருந்து அனுப்பினால், ஏறுபவர் ஒரு கையால் எப்போதும் ஏணியைப் பிடித்திருக்கலாம். கடைசி மூன்று படிகளில் நிற்கவே வேண்டாம். அங்கே பிடிக்க ஒன்றும் இருக்காது.

ஏணியைத் தூக்கும் முன், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி எங்கே போகிறது என்று அண்ணாந்து பாருங்கள். நிமிர்த்தும்போதோ நகர்த்தும்போதோ அலுமினிய ஏணி அதில் பட்டால், பிடித்திருக்கும் இருவருக்கும் ஆபத்து. நனைந்த மூங்கில் ஏணியும் மின்சாரம் கடத்தும். கம்பிக்கு 10 அடிக்குள் ஏணியே வேண்டாம்; அந்தப் பக்கத்துக் கொக்கிகளை விட்டுவிடலாம். சீரியல் செட்டைத் தரையிலேயே எரியவைத்துச் சோதித்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே மேலே அனுப்புங்கள்.