ஒலிபெருக்கிக்கு எழுதும் கடிதம்

அப்பா அம்மாவின் ஐம்பதாவது திருமண நாளுக்கு ஊருக்கு வர முடியாத மகன் பாட்டாக ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறான். மண்டபத்தில் அதை அக்காவோ அக்கா மகளோ எழுந்து நின்று வாசிக்கிறார்கள். இந்த வழக்கத்துக்குத் தமிழில் நீண்ட வேர் உண்டு. புலவர்கள் வள்ளல்களுக்குச் செய்யுளில் எழுதி அனுப்பிய கடிதத்தைச் சீட்டுக்கவி என்பார்கள். 1919இல் பாரதி எட்டயபுரம் அரசருக்கு எழுதியதும் அந்த வகைதான். ஆனால் சீட்டுக்கவி பெறுபவரைப் புகழ்ந்து பரிசு கேட்கும். பிள்ளையின் கடிதம் எதுவும் கேட்பதில்லை. அதனால் அதில் புகழ்ச்சிக்கு வேலை குறைவு.

பெரும்பாலான கடிதங்கள் சறுக்குவது அந்தப் புகழ்ச்சியில்தான். தோஹாவில் வேலை பார்க்கும் ஒரு மகனை எடுத்துக்கொள்வோம். ஊர் நாகர்கோவில். முதலில் அவன் கைக்கு வருவது ‘கண்கண்ட தெய்வங்களே, கருணையின் வடிவங்களே’ என்ற மாதிரி வரிகளாகத்தான் இருக்கும். அவை பொய்யல்ல. ஆனால் அடுத்த மண்டபத்தில் வேறொரு தம்பதிக்கு வாசித்தாலும் அப்படியே பொருந்திவிடும். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் பந்திக்கு எழுந்துபோவார்கள்.

அவன் அப்பாவிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எடுப்பவர் அவர்தான். “சாப்பிட்டியாடே?” என்று கேட்பார். பதில் முடிவதற்குள் “இரு, அம்மைட்ட கொடுக்கேன்” என்று போனை நீட்டிவிடுவார். வந்திருக்கும் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும். எழுத வேண்டியது அதைத்தான்.

“இருஇரு, அம்மா இருக்கிறாள்” என்றே
ஒருசொல் பேசி ஒதுங்கிடும் அப்பா!
அந்தச் சொல்லே அடுத்த
ஞாயிறு வரைக்கும் நானுணும் சோறே.

இது நேரிசை ஆசிரியப்பா. அகவல் என்றும் சொல்வார்கள். அடிக்கு நான்கு சீர், கடைசிக்கு முந்தைய அடியில் மட்டும் மூன்று. ‘இரு’, ‘ஒரு’ என்று முதல் இரண்டு அடிகளும் எதுகையில் இணைகின்றன. ஒவ்வொரு அடிக்குள்ளும் ஒரு மோனை இருக்கிறது. முடிவு ஏகாரத்தில் நிற்கிறது. வெண்பாவில் தளை தட்டக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்காகவே வராத சொல்லை இழுத்துவந்து வைக்க நேரும். அகவல் அவ்வளவு இறுக்கமில்லை, வேற்றுத்தளையும் வரலாம். சங்கப் பாடல்களில் பெரும்பகுதி இந்தப் பாவில்தான் இருக்கிறது. பேச்சின் ஓட்டத்துக்கு அருகில் நிற்பதால் வாசிப்பவருக்கும் இது எளிது. மூன்று சீர் அடியில் குரல் சற்றுத் தயங்கும். முடிவு வரப்போகிறது என்று இலக்கணம் தெரியாதவர் காதுக்கும் எட்டிவிடும்.

வாசிப்பவர் வாய்க்குத் தகுந்தபடி எழுதுவதுதான் இதில் கடினமான பகுதி. ‘நான்’ என்று எழுதியவன் தோஹாவில் இருக்கிறான். மண்டபத்தில் ‘நான்’ என்று சொல்லப்போவது அக்கா. அவளுக்கும் அவர்தான் அப்பா. ‘என்னை மட்டும் தூரத்தில் வைத்தாயே’ என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவள் வாயில் அது அவளையே குத்தும். கடன், பழைய மனத்தாங்கல், ‘அடுத்த வருஷம் வந்துவிடுகிறேன்’ என்ற உறுதியில்லாத வாக்கு ஆகியவற்றையும் சபையில் வாசிக்கக் கொடுக்கக் கூடாது. அவற்றைத் தனியே போனில் பேசலாம்.

இருபது அடிக்கு மேல் வேண்டாம். நிதானமாக வாசித்தால் ஒன்றரை நிமிடம் ஆகும். வயதானவர்கள் நாற்காலியில் அசையாமல் கேட்க அதுவே போதும். ‘இருஇரு’ போலச் சேர்த்தெழுதியதை வாசிப்புப் பிரதியில் பிரித்து, பெரிய எழுத்தில், அடிக்கு ஒரு வரியாக அச்சிட்டு இரண்டு நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டும். அக்கா மகள் ஆங்கில வழியில் படிப்பவள் என்றால் இது இன்னும் முக்கியம். ழகரம் தடுக்கினால் பரவாயில்லை, சீர் நடுவில் மூச்சு விட்டால் பொருளே உடைந்துவிடும். அழுத்தி நடிக்க வேண்டாம் என்றும் சொல்லி வைக்கலாம். அப்பாவின் அந்த ஒரு சொல்லை அவர் சொல்கிறபடி சாதாரணமாகச் சொன்னாலே அம்மா சிரித்துவிடுவார்.

மகன் போனில் கேட்க வேண்டுமானால் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். தோஹா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே ஏழரை. போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் கீச்சென்று இரையும். மகன் தன் பக்கத்து மைக்கை அணைத்துவிட வேண்டும். கடைசி அடி முடிந்ததும் போனை முதலில் அப்பாவிடம் கொடுங்கள். அவர் வழக்கம்போல அம்மாவிடம் நீட்டிக்கொள்ளட்டும்.