சுரம் அறியும் காதுக்கு வயது வரம்பு உண்டா?

அமெரிக்காவைச் சேர்ந்த பால் பிரேடி காலையில் எழுந்ததும், அவர் மனைவி பியானோவில் ஏதாவது ஒரு கட்டையை அழுத்துவார். எது என்று பார்க்காமல், அதற்குமுன் வேறு எந்தச் சுரத்தையும் கேட்காமல், ஒலித்தது எது என்று பிரேடி சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுரம்தான். இப்படி 57 காலைகள். 37 நாட்களில் அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. 18 நாட்களில் அரைச்சுர அளவு மட்டும் பிசகியது. பன்னிரண்டு சுரங்களில் ஏதோ ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொல்லிவந்திருந்தால், 57 நாளில் ஐந்து தடவைதான் சரியாக அமைந்திருக்கும்.

ஒலித்த சுரத்தை வேறு துணையில்லாமல் பெயர் சொல்லி அடையாளம் காண்பதற்கு அப்சல்யூட் பிட்ச் என்று பெயர். பர்ஃபெக்ட் பிட்ச் என்றும் சொல்வார்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இது இருக்கும் என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. சிறுவயதில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பது இசை ஆசிரியர்களிடையே ஊறிப்போன நம்பிக்கை. பிரேடிக்கு இது சிறுவயதில் இருந்ததில்லை. முப்பது வயதைக் கடந்தபின், ஒலிநாடாவில் பதிந்த சுரங்களைச் சுமார் 60 மணி நேரம் கேட்டுப் பழகித்தான் அந்த நிலைக்கு வந்தார். 1970இல் அவரே இதை ஓர் ஒலியியல் ஆய்விதழில் எழுதினார். ஒரே ஒரு மனிதரின் கதை என்பதால் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கதை எழுப்பிய கேள்வி இன்றும் தீரவில்லை.

நாளுக்கு ஒரு சுரம் என்று பிரேடி ஏன் வைத்துக்கொண்டார் என்பது புரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். தேர்ந்த இசைக்கலைஞர் யாராக இருந்தாலும் ஒரு சுரத்தைக் கேட்டு, அதன் பெயரும் தெரிந்துவிட்டால், அடுத்ததை அதிலிருந்து எண்ணிச் சொல்லிவிடுவார். இது ஒப்பீட்டு அறிவு. நம் கர்நாடக இசை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. பாடகர் ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் அவர் வைத்த இடம்தான் சட்ஜம். அதிலிருந்து ரிஷபமும் காந்தாரமும் தம் இடத்தைப் பெறுகின்றன. தம்புரா ஒலிக்காமல், 'இது எத்தனை கட்டை' என்று கேட்டவுடன் சொல்வதுதான் அப்சல்யூட் பிட்ச்சுக்கு நெருங்கிய திறமை. ஆகவே சோதிப்பவர்கள் ஒப்பீட்டுக்கு வழியில்லாமல் செய்ய வேண்டும். அடுத்தடுத்து வரும் சுரங்களுக்கிடையே ஒரு ஸ்தாயிக்கு மேல் இடைவெளி விடுவார்கள். சில நொடிகளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நெருக்குவார்கள். மனத்துக்குள் பாடிப் பார்த்து எண்ணுபவர் அந்த அவசரத்தில் தடுமாறிவிடுவார்.

வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1998இல் பஹர்லூவும் சக ஆய்வாளர்களும் அறுநூறுக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்களிடம் தகவல் திரட்டினார்கள். நான்கு வயதுக்குமுன் இசை கற்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேர் தமக்கு அப்சல்யூட் பிட்ச் உண்டு என்றார்கள். ஒன்பது வயதிலோ அதற்குப் பின்னோ தொடங்கியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 3 பேர்தான். இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பார்ப்பவர்கள், பறவைக் குஞ்சு தாயை அறிவதற்கும் குழந்தை மொழி கற்பதற்கும் உரிய பருவம் ஒன்று இருப்பதுபோல இதற்கும் இருக்கிறது என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

இந்த முடிவை நான் முழுதாக ஏற்கவில்லை. நான்கு வயதுக்குமுன் பியானோ முன் உட்கார்த்தப்படும் பிள்ளை யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது இசை தெரிந்த வீட்டுப் பிள்ளை, அல்லது தானாகவே இசையில் நாட்டம் காட்டிய பிள்ளை. அதே கணக்கெடுப்பில், இத்திறன் உள்ளவர்களின் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது இருப்பது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் தெரியவந்தது. சீக்கிரம் தொடங்கியதால் திறமை வந்ததா, திறமையின் அறிகுறி தெரிந்ததால் சீக்கிரம் தொடங்கினார்களா, மரபணுவும் வீட்டுச் சூழலும் சேர்ந்து இரண்டையும் தந்தனவா என்பதைக் கணக்கெடுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது.

2006இல் டயானா டாய்ச் குழு வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பெய்ஜிங்கின் மத்திய இசைக் கல்லூரி மாணவர்களையும், அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளி மாணவர்களையும் ஒரே தேர்வால் சோதித்தார்கள். 36 பியானோ சுரங்களில் 85 விழுக்காட்டைச் சரியாகச் சொன்னால்தான் தேர்ச்சி. நான்கைந்து வயதில் இசை தொடங்கியவர்களில் பெய்ஜிங்கில் 60 விழுக்காட்டினரும் ஈஸ்ட்மனில் 14 விழுக்காட்டினரும் தேறினார்கள். எட்டு, ஒன்பது வயதில் தொடங்கியவர்களில் பெய்ஜிங்கில் 42 விழுக்காடு, ஈஸ்ட்மனில் ஒருவர்கூட இல்லை. சீன மொழியில் ஒரே அசையை ஏற்றி இறக்கிச் சொன்னால் பொருளே மாறிவிடும். அதனால் சுரத்தை உரிய பருவத்திலேயே மொழியோடு சேர்த்துக் கற்றுவிடுகிறார்கள் என்பது டாய்ச்சின் விளக்கம். ஆனால் அத்தகைய தொனிமொழி பேசாத ஜப்பானிய, கொரிய மாணவர்களிடையிலும் இத்திறன் அதிகம் என்று வேறு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அங்கெல்லாம் சின்னக் குழந்தைகளுக்குச் சுரத்தின் பெயரை மாறாத ஒலியோடு சேர்த்தே கற்பிக்கும் வழக்கம் உண்டு. அதாவது வயது மட்டும் கணக்கில்லை, அந்த வயதில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது.

இதை நேரில் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த சகாகிபரா. 2014இல் வெளியான அவர் ஆய்வில் இரண்டு முதல் ஆறு வயது வரையிலான 24 குழந்தைகள். முதலில் தனிச் சுரம் கிடையாது, மூன்று சுரங்கள் சேர்ந்த கூட்டொலி ஒன்று. அது கேட்டால் குழந்தை ஒரு நிறக் கொடியைத் தூக்க வேண்டும். அது பழகியதும் இரண்டாவது கூட்டொலி, இரண்டாவது நிறம். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் தனிச் சுரங்களுக்கு வருவார்கள். பயிற்சி வீட்டிலேயே, நாள்தோறும், ஒவ்வொரு வேளையும் சில நிமிடங்கள்தான். ஆனால் மாதக்கணக்கில் நீளும். இரு குழந்தைகள் நடுவில் விலகினார்கள். முடித்த 22 பேருக்கும் இத்திறன் வந்துவிட்டது. பத்தாயிரத்தில் ஒருவருக்குப் பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்ற பேச்சை இதற்குப் பிறகு அப்படியே ஏற்பது கடினம்.

சரி, குழந்தையால் முடியும். பெரியவரால் முடியாதா? இருவரையும் ஒரே பயிற்சியில் இறக்கிப் பார்த்த ஆய்வுகள் அரிது. கனடாவில் ருசோ, விண்டெல், கடி மூவரும் 2003இல் வெளியிட்டது அவற்றில் ஒன்று. மூன்று நான்கு வயதினர், ஐந்து ஆறு வயதினர், பெரியவர்கள் என மூன்று குழுக்கள். ஏழு சுரங்களுக்கிடையே குறிப்பிட்ட ஒரே ஒரு சுரத்தை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சி ஆறு வாரம். ஐந்து ஆறு வயதினர் சில வாரங்களிலேயே மற்ற இரு குழுக்களையும் முந்தினார்கள். உரிய பருவம் என்ற கருத்துக்கு இதுவரை கிடைத்த நேர்மையான சான்றுகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன். ஆனால் இது சொல்வது குழந்தைகள் விரைவாகக் கற்கிறார்கள் என்பதை. பெரியவர்கள் கற்கவே மாட்டார்கள் என்று ஆறு வாரப் பயிற்சியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பெரியவர்களைப் பற்றிய புதிய சான்றுகள் கடந்த சில ஆண்டுகளில்தான் வந்திருக்கின்றன. யெட்டா வாங் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில் 43 பெரியவர்கள் கணினிப் பயிற்சி பெற்றார்கள். ஆறு பேர் பன்னிரண்டு சுரங்களையும் 90 விழுக்காடு துல்லியத்தோடு சொல்லும் நிலையை எட்டினார்கள். பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் போதிய அளவு குறையவில்லை, மனத்துக்குள் எண்ணித்தான் சொல்கிறார்களோ என்ற சந்தேகம் எழ இடமிருந்தது. எனவே 2025இல் வெளியான அடுத்த ஆய்வில் விதிகளை இறுக்கினார்கள். இசைக்கலைஞர்கள் 12 பேர், எட்டு வாரம், ஒவ்வொருவருக்கும் சராசரியாக 21 மணி நேரம், 15,000க்கு மேற்பட்ட கேள்விகள். இரண்டு நொடிக்குள்ளாகப் பதில் வர வேண்டும். சராசரியாக ஒருவர் ஏழு சுரங்களைத் தேர்ந்தார். இருவர் பன்னிரண்டையும் தேர்ந்தார்கள்.

இதற்கிடையே ஒரு மருந்துச் சோதனையும் நடந்தது. வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் என்ற மருந்து, மூளையின் வளைந்துகொடுக்கும் தன்மையை மீண்டும் கூட்டும் என்று விலங்கு ஆய்வுகள் கூறின. 2013இல் ஜெர்வேன் குழு சில இளைஞர்களுக்கு இரு வாரம் அதைக் கொடுத்து, ஆறு சுரங்களுக்கு ஆறு ஆட்பெயர்களைச் சூட்டிக் கற்பித்தது. மருந்து எடுத்தவர்கள் குத்துமதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். யாருக்கும் அப்சல்யூட் பிட்ச் வந்துவிடவில்லை. குழுக்களை மாற்றிச் செய்த இரண்டாம் சுற்றில் அந்தப் பலனும் தெளிவாகத் தெரியவில்லை. பருவத்தைத் திரும்பத் திறக்கும் மாத்திரை என்று அப்போது பரவிய செய்தி இந்தச் சின்ன ஆய்வு தாங்கக்கூடியதல்ல. வால்ப்ரோயேட் கடுமையான பக்கவிளைவுகள் கொண்ட மருந்து. காது பழக அதைத் தொடவே கூடாது.

அதே 2013இல் சிகாகோவிலிருந்து வந்த ஒரு சோதனை என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைத்தது. ஹாவர்ட் நுஸ்பாமும் சக ஆய்வாளர்களும் சிறுவயதிலிருந்தே இத்திறன் உள்ளவர்களை அழைத்து, பிராம்ஸின் முதல் சிம்பொனியைக் கேட்கச் செய்தார்கள். கேட்பவர் அறியாதபடி இசையின் சுருதியைச் சிறிதுசிறிதாக இறக்கினார்கள். கடைசியில் அது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்திருந்தது. பிறகு சோதித்தபோது, தாழ்ந்த சுரங்கள் அவர்களுக்குச் சரியாகப் பட்டன, உண்மையில் சரியாக இருந்தவை சுருதி விலகியதாகத் தோன்றின. குழந்தைப் பருவத்தில் ஒருமுறை பதிந்து இறுகிப்போன அளவுகோல் என்றால், ஓர் இசைத்தொகுப்பைக் கேட்டவுடன் அது நகர்ந்திருக்காது. நாள்தோறும் கேட்கும் இசைதான் அந்த அளவுகோலை இடம் மாறாமல் பிடித்து வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது, குழந்தைப் பருவத்துக்கு ஒரு தனி அனுகூலம் உண்டு, ஆனால் ஆறேழு வயதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்ற பேச்சு நிரூபிக்கப்படவில்லை என்றே சொல்வேன். சகாகிபராவின் குழந்தைகள் மாதக்கணக்கில் பெற்ற தினசரிப் பயிற்சியோடு ஒப்பிட்டால், பெரியவர்களுக்குக் கிடைத்த 21 மணி நேரம் மிகக் குறைவு. இரு தரப்புக்கும் ஒரே அளவு பயிற்சி, ஒரே தேர்வு, ஒரே நேரக் கெடு என்று வைத்து, பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்தும் சோதித்தால்தான் பருவத்தின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியும். அதுவரை, வயதாகிவிட்டது என்று சொல்லி ஒரு மாணவரைத் திருப்பி அனுப்ப ஆசிரியர் எவருக்கும் ஆய்வு ஆதாரம் கிடையாது.