கொதிகலனை எப்போது மூட்டுவது?

மின் தொகுப்பை நடத்துபவர்கள் நாள்தோறும் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். நாளைக்கு எந்தெந்த மின் உற்பத்தி அலகுகள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட வேண்டும் என்பது முதல் கேள்வி. இதற்கு யூனிட் கமிட்மென்ட் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் அலகுகளில் எது எத்தனை மெகாவாட் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. இது எகனாமிக் டிஸ்பாட்ச்.

இரண்டாவது கேள்வி ஒப்பீட்டளவில் எளிது. கூடுதலாக ஒரு யூனிட் மின்சாரம் தர எந்த அலகுக்கு மிகக் குறைவாகச் செலவாகிறதோ அதை முதலில் ஏற்ற வேண்டும். அது முழுத்திறனை எட்டியதும் அடுத்த மலிவான அலகுக்குப் போக வேண்டும். இந்தக் கணக்கில் எரிபொருள் செலவு மட்டும்தான் வரும். அலகு ஏற்கெனவே ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வதால், அதை ஓடவைக்க ஆன செலவு இங்கே தெரியாது.

அந்தச் செலவு சிறியதல்ல. ஆறிக் கிடக்கும் நிலக்கரி அலகைக் கிளப்ப, முதலில் எண்ணெயை எரித்துக் கொதிகலனைச் சூடாக்க வேண்டும். டர்பைனின் தடித்த உலோகத்தை அவசரமாகச் சூடேற்றினால் வெளிப்புறமும் உட்புறமும் வெவ்வேறு அளவில் விரிந்து, நாளடைவில் விரிசல் விடும். அதனால் பல மணி நேரம் மெல்ல மெல்லத்தான் வெப்பத்தை ஏற்ற முடியும். நின்று சில மணி நேரமே ஆன அலகு இன்னும் சூடாக இருப்பதால் குறைந்த செலவில் கிளம்பும். மூன்று நாளுக்கு மேல் நின்றதற்கு மிக அதிகமாகும். இப்படி அடிக்கடி சூடேறி ஆறுவது உலோகத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதால்தான், கிளம்பிய அலகு இத்தனை மணி நேரமாவது ஓட வேண்டும், நின்ற அலகு இத்தனை மணி நேரமாவது நிற்க வேண்டும் என்ற வரம்புகள் வந்தன. ஓடும்போதும் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்க முடியாது. இறங்கினால் உலையில் தீ நிலையாக நிற்காது.

எண்களை வைத்துப் பார்த்தால் இதன் விளைவு தெளிவாகும். இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள். 700 மெகாவாட் தரக்கூடிய ஒரு பெரிய நிலக்கரி அலகு ஏற்கெனவே ஓடுகிறது. யூனிட்டுக்கு 3 ரூபாய். மாலை 6 மணி முதல் 9 மணி வரை தேவை 850 மெகாவாட். அதன் பிறகு 680. குறையும் 150 மெகாவாட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, யூனிட்டுக்கு 3.50 ரூபாய் ஆகும் இன்னொரு நிலக்கரி அலகு. அதைக் கிளப்ப 50 லட்சம் ரூபாய். குறைந்தது 275 மெகாவாட்டில், 8 மணி நேரம் ஓட வேண்டும். மற்றொன்று, யூனிட்டுக்கு 7 ரூபாய் ஆகும் எரிவாயு அலகு. அதைக் கிளப்ப 2 லட்சம் போதும். ஒரு மணி நேரத்தில் நிறுத்தியும் விடலாம்.

எரிபொருளை மட்டும் பார்த்தால் நிலக்கரிதான் லாபம். அந்த மூன்று மணி நேரத்தில் எரிவாயுவைவிடச் சுமார் 13.9 லட்சம் ரூபாய் மிச்சமாகும். ஆனால் 9 மணிக்கு மேல் தேவை 680 ஆகக் குறைந்த பிறகும் இரண்டாவது அலகை நிறுத்த முடியாது. முதல் அலகு 3 ரூபாய்க்குத் தரக்கூடிய மின்சாரத்தை அடுத்த 5 மணி நேரம் 3.50 ரூபாய்க்கு வாங்க வேண்டியிருக்கும். அதில் சுமார் 6.9 லட்சம் போகும். கிளப்பும் செலவு எரிவாயுவைவிட 48 லட்சம் அதிகம். முடிவில் “மலிவான” நிலக்கரி அலகு 41 லட்சம் ரூபாய் நஷ்டம் தரும். இதே உச்சத் தேவை 12 மணி நேரம் நீடித்தால் கணக்கு மாறி, நிலக்கரி 7.5 லட்சம் லாபத்தில் நிற்கும். ஆக, விலைப் பட்டியலை மட்டும் பார்த்து எந்த அலகு மலிவு என்று சொல்லிவிட முடியாது. அது எத்தனை மணி நேரம் தேவைப்படும் என்பதும் சேர்ந்தால்தான் விடை வரும்.

முதல் கேள்வி கடினமாவதும் இதனால்தான். டிஸ்பாட்சை அந்தந்த நேரத்துக்குத் தனியாகப் போட்டுவிடலாம். கமிட்மென்ட்டில் காலை 10 மணி முடிவு இரவு 8 மணியைக் கட்டுப்படுத்தும். ஒவ்வொரு அலகுக்கும் ஓடு, நில் என்ற இரண்டே நிலைகள் என்றாலும், பத்து அலகுகளுக்கு ஒரு மணி நேரத்துக்கே 1,024 சேர்க்கைகள் வந்துவிடும். 24 மணி நேரமும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கவே முடியாது.

சூரிய மின்சாரம் பெருகிய இடங்களில் இந்தச் சிக்கல் கூர்மையாகிறது. நண்பகலில் அனல் மின்சாரத்தின் தேவை வெகுவாகக் குறையும். சூரியன் மறைந்ததும் திடீரென்று உயரும். நண்பகலில் நிறுத்திய நிலக்கரி அலகு மாலைக்குள் திரும்பக் கிளம்பாது. எனவே தேவையில்லாத நேரத்திலும் அதைக் குறைந்தபட்ச அளவில் ஓட்டி வைக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஓடும் அலகுகளின் குறைந்தபட்ச அளவுகளின் கூட்டுத்தொகை தேவையைத் தாண்டினால், சூரிய மின்சாரத்தைத்தான் குறைக்க நேரும். ஜெர்மனியின் மின் சந்தையில் சில மணி நேரங்களில் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போவதற்கு இதுவும் ஒரு காரணம். நிறுத்திக் கிளப்பும் செலவைவிடக் கொஞ்சம் பணம் கொடுத்து மின்சாரத்தைத் தள்ளிவிடுவது அந்த அலகுகளுக்கு லாபம்.

இந்தியாவில் மத்திய அனல் மின் நிலையங்களுக்கு இந்தக் குறைந்தபட்ச அளவு 55 விழுக்காடு. தேசிய அளவிலான டிஸ்பாட்ச் கணக்கு 2019 ஏப்ரலில் சோதனை முறையில் தொடங்கியது. கமிட்மென்ட் கணக்கு 2023ஆம் ஆண்டின் மின் தொகுப்பு விதிகளில்தான் இடம்பெற்றது.