மனை 40 லட்சம், கைடுலைன் வேல்யூ 48 லட்சம்: அந்த 8 லட்சத்துக்கு வரி யார் கட்டணும்?

ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு தம்பி, வருமான வரி நோட்டீஸோட என் ஆபீஸுக்கு வந்தார். சென்னை புறநகரில் 1,200 சதுர அடி மனை வாங்கியிருந்தார். விற்றவருக்கு அவசரமா பணம் தேவை. அதனால 40 லட்சத்துக்கு முடிஞ்சது. முழுப் பணமும் வங்கி வழியா, கேஷ் ஒரு ரூபாய்கூட கிடையாது. "சார், நான் செலவுதானே பண்ணேன், இதுல எனக்கு வருமானம் எங்க இருந்து வந்தது?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான்.

அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருந்த கைடுலைன் வேல்யூ சதுர அடிக்கு 4,000 ரூபாய். அதாவது மனைக்கு 48 லட்சம். முத்திரைத் தீர்வையை அந்த 48 லட்சத்துக்கே கட்டிவிட்டார். அதோட வேலை முடிஞ்சதுன்னு நினைச்சார்.

வருமான வரிச் சட்டம் இந்த 8 லட்சத்தை இரண்டு பக்கமும் பார்க்கிறது. விற்றவருக்குப் பிரிவு 50சி: அவர் 48 லட்சத்துக்கு விற்றதாகவே வைத்து மூலதன ஆதாயம் கணக்கிடப்படும். வாங்கியவருக்குப் பிரிவு 56(2)(எக்ஸ்): 48 லட்சம் மதிப்புள்ள சொத்து 40-க்குக் கிடைத்ததால், மீதி 8 லட்சம் அவருடைய 'பிற வருமானம்'. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறும்.)

ஒரு சலுகை உண்டு. வித்தியாசம், பேசிய விலையில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இருவருக்கும் பிரச்சினை இல்லை. வாங்குபவருக்கு அந்த 10 சதவீதம் அல்லது 50,000 ரூபாய், இதில் எது அதிகமோ அதுதான் எல்லை. இங்கே 40 லட்சத்தில் 10 சதவீதம் 4 லட்சம். வித்தியாசமோ 8 லட்சம். 'அப்போ மீதி 4 லட்சத்துக்கு மட்டும்தானே வரி?'ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. எல்லையைத் தாண்டினால் முழு 8 லட்சத்துக்கும் வரி.

தம்பி 30% ஸ்லாப்பில் இருந்தார். 8 லட்சத்துக்கு வரி 2,40,000; 4% செஸ் சேர்த்து 2,49,600. விற்றவர் பல வருஷம் வைத்திருந்த மனை என்பதால், 12.5% வரியில் அவருக்கு அதே 8 லட்சத்தால் கூடுதலா 1,04,000. யார் கைக்கும் வராத பணத்துக்கு மொத்தம் மூன்றரை லட்சம்!

தம்பிக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. வரி கட்டிய பிறகு, நாளைக்கு இந்த மனையை அவர் விற்கும்போது வாங்கிய விலை 40 இல்லை, 48 லட்சம் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பத்திரத்தைப் பத்திரமா வைங்கன்னு சொன்னேன்.

துறைக்கு எப்படித் தெரிந்தது? விலையோ அரசு மதிப்போ 30 லட்சத்தைத் தொட்டாலே பதிவுத்துறை தகவல் அனுப்ப வேண்டும். அது உங்கள் ஏஐஎஸ்ஸில் வந்து நிற்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே tnreginet.gov.in-ல் தெரு அல்லது சர்வே எண் போட்டு மதிப்பைப் பாருங்கள். அதை 1.1-ஆல் வகுங்கள். 48 லட்சத்துக்கு சுமார் 43.64 லட்சம் வரும். பேசும் விலை அதற்குக் கீழே போனால், மலிவா கிடைக்குதேன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி வரியையும் கூட்டிப் பாருங்கள்.

சரி, விலை உண்மையிலேயே அவ்வளவுதான் என்றால்? கைடுலைன் பெரும்பாலும் தெருவுக்கு ஒரே ரேட். மெயின் தெருவைப் பார்த்த மனைக்கும், ஆறடிச் சந்துக்குள் இருக்கும் மனைக்கும் ஒரே மதிப்பு வந்துவிடும். அப்படியானால் வரி அதிகாரியிடம் 'சந்தை விலை இதைவிடக் குறைவு' என்று எழுத்தில் சொல்லி, துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பக் கேட்கலாம். சந்தின் அகலம், போட்டோ, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை கையில் இருக்கட்டும். அவர் குறைத்துச் சொன்னால் அந்த மதிப்பு எடுக்கப்படும். கூட்டிச் சொன்னால் பழைய 48-க்கு மேல் போகாது. ஆனால், பதிவின்போதே முத்திரைச் சட்டம் 47ஏ-யில் மதிப்பை எதிர்த்துப் போயிருந்தால் இந்த வழி மூடிவிடும். அங்கே வரும் முடிவுதான் இங்கேயும்.

அக்ரிமென்ட் போட்டு, பதிவுக்குள் கைடுலைன் ஏறினால்? 2023 ஏப்ரல் 1-ல் தமிழ்நாட்டில் அப்படித்தான் ஏறியது. அக்ரிமென்ட் தேதி மதிப்பையே எடுக்கலாம். ஒரே நிபந்தனை: அட்வான்ஸில் கொஞ்சமாவது அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ அக்கவுண்ட் பேயி காசோலை, நெஃப்ட், யுபிஐ மாதிரி வங்கி வழியில் போயிருக்க வேண்டும். டோக்கன் அட்வான்ஸை முழுக்க கேஷா கொடுத்துட்டு வந்தவர்களுக்கு என்னால் உதவ முடியவில்லை.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவரிடம் குறைத்து வாங்கினால் வாங்குபவருக்கு இந்த வரி கிடையாது. ஆனால் விற்கும் அப்பாவுக்கு 50சி அப்படியே இருக்கும்.