பாடலுக்கு ஓர் அனுமதி மடல்

கார்த்திகைத் தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையைப் பற்றி ஆறு நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரிக்கிறாள் ஒரு கல்லூரி மாணவி. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் அப்பாதையின் காட்சிகளை அவளே தன் கைப்பேசியில் படமாக்கினாள். பின்னணிக்கு அவள் தேர்ந்தது, அவ்வூரில் வாழும் பாடகர் ஒருவர் பாடி வெளியிட்ட தேவாரப் பதிகம். திருஞானசம்பந்தர் அண்ணாமலையைப் பாடிய, முதல் திருமுறையின் பத்தாம் பதிகம் அது; நட்டபாடைப் பண்ணில் அமைந்தது. பாடல் ஏழாம் நூற்றாண்டினது. அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்னும் ஐயம் அவளுக்கு எழுந்தது. இஃது எல்லார்க்கும் எழக்கூடிய ஐயமே.

ஒரு பாடலில் பல உரிமைகள்

காதில் விழுவது ஒரே பாடல். எனினும், இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) அதனைப் பல படைப்புகளின் சேர்க்கையாகக் காண்கிறது. சொற்கள் ஒரு படைப்பு, இசையமைப்பு மற்றொன்று, அவற்றைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு மூன்றாவது. இவையன்றிப் பாடியவருக்கும் கருவி வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியே உண்டு.

சொற்களுக்கும் இசைக்கும் உரிய காலம், படைத்தவரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பிந்தைய 60 ஆண்டுகளும் ஆகும். சம்பந்தரின் சொற்களும் தொன்றுதொட்டு வரும் பண்ணும் இவ்வெல்லையை என்றோ கடந்துவிட்டன. அவற்றை எவரும் பாடலாம். ஆனால் ஒலிப்பதிவுக்குரிய 60 ஆண்டுகள் அது வெளியிடப்பட்டதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தும், நிகழ்த்துநர் உரிமைக்குரிய 50 ஆண்டுகள் நிகழ்த்தியதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தும் எண்ணப்படும். பாடகர் 2019இல் பாடி வெளியிட்ட பதிவு ஆதலால் அவ்விரண்டும் இன்னும் நடப்பில் உள்ளன. மாணவி தானே அப்பதிகத்தைப் பாடிச் சேர்த்திருந்தால் மடலே தேவைப்பட்டிராது. அவள் விரும்பியது பதிகத்தை மட்டுமன்று, அவர் குரலையும் ஆகும்.

பாடியவரும் உரிமையாளரும் ஒருவராகவே இருப்பர் என்று கொள்வதும் பிழை. 2017ஆம் ஆண்டில் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் இசைநிகழ்ச்சிகள் நடத்தியபோது, தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடலாகாது என இளையராஜாவின் சார்பில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பப்பட்டது. எஞ்சிய நிகழ்ச்சிகளில் அப்பாடல்களைத் தவிர்ப்பதாகப் பாலசுப்பிரமணியமும் அறிவித்தார். தாமே பாடிப் புகழ்பெறச் செய்த பாடல்களுக்கே இந்நிலை எழுந்தமையால், மாணவி முதலில் அறிய வேண்டியது ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் உள்ளது என்பதையே. பாடகர் தம் செலவில், தம் பொறுப்பில் பதிவுசெய்திருந்தால் உரிமை அவருடையது. ஒலிநாடா நிறுவனம் ஒன்று பொறுப்பேற்றுப் பதிவு செய்திருந்தால், பாடகர் மனமுவந்து தரும் இசைவு மட்டும் போதாது.

மடலின் அமைப்பு

‘தங்கள் பாடலைப் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன்’ என்னும் ஒற்றை வரி மடலைப் பலர் எழுதுவர். எந்தப் பாடல், எவ்வளவு நேரம், எங்கே, எத்தனை ஆண்டு என்பன அதில் இல்லை. மாணவி எழுதிய மடல் பின்வருமாறு அமைந்தது:

> திருவண்ணாமலை
> 10.11.2025
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நான் இவ்வூர்க் கல்லூரியில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். கிரிவலப் பாதையின் குளங்களையும் மண்டபங்களையும் பற்றி ஆறு நிமிடக் காணொளி ஒன்றை உருவாக்கி வருகிறேன். தாங்கள் பாடி 2019இல் வெளியிட்ட ஒலிப்பதிவிலிருந்து, திருவண்ணாமலைப் பதிகத்தின் முதல் இரண்டு பாடல்களை, 2 நிமிடம் 10 வினாடி அளவில், அதன் பின்னணியில் சேர்க்கத் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.
>
> காணொளியை என்னுடைய யூடியூப் பக்கத்தில் மட்டும் வெளியிடுவேன். அது உலகெங்கும் காணத்தக்கதாக இருக்கும். பத்து ஆண்டுகளுக்கு அனுமதி வேண்டுகிறேன். தற்போது அப்பக்கத்தால் எனக்கு வருவாய் இல்லை. பின்னர் விளம்பர வருவாய் வருமாயின் தங்களுக்குரிய பங்கைப் பேசி எழுத்தில் முடிவு செய்வேன். பாடலின் சுருதியையோ வேகத்தையோ மாற்ற மாட்டேன். தங்கள் பெயரும் பக்கவாத்தியக் கலைஞர்கள் பெயரும் தொடக்கத்தில் திரையில் இடம்பெறும்.
>
> இப்பதிவின் உரிமை தங்களிடமே உள்ளதா என்பதையும், வயலின், மிருதங்கக் கலைஞர்களின் இசைவை நான் தனியே பெற வேண்டுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். வெளியிடுமுன் காணொளியைத் தங்களுக்குக் காட்டுவேன். தங்களுக்கு உடன்பாடு இல்லையெனில் இப்பாடலைப் பயன்படுத்த மாட்டேன்.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்)

வரிகளுக்குப் பின்னுள்ள காரணம்

இம்மடலில் ‘உலகெங்கும்’, ‘பத்து ஆண்டுகள்’ என்னும் இரண்டும் அலங்காரச் சொற்கள் அல்ல. உரிமையை வழங்கும் ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ள வேண்டும் எனச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அனுமதிகளுக்கும் இது பொருந்துமாறு 30அ பிரிவு செய்கிறது. காலம் குறிக்காத அனுமதி 2025 நவம்பரில் கிடைத்திருந்தால், 2030 நவம்பரோடு அது முடிந்துவிடும். காணொளியோ இணையத்தில் தொடர்ந்து இருக்கும். மலேசியாவில் வாழும் உறவினர் அதனைக் காணும்போது, ‘இந்தியா மட்டும்’ என்னும் எல்லை முதல் நாளிலேயே மீறப்பட்டிருக்கும்.

சுருதியை மாற்ற மாட்டேன் என்னும் வரிக்கும் காரணம் உண்டு. தம் நிகழ்த்துதலைச் சிதைத்துத் தம் நற்பெயருக்கு ஊறு செய்வதைத் தடுக்கும் உரிமை நிகழ்த்துநருக்கு இருக்கிறது. பெயர் குறிப்பிடப்பெறுவதும் அவருக்குரிய உரிமையே. ‘பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி தேவையில்லை’ என்று சிலர் சொல்வது இவ்விரண்டையும் குழப்புவதால் வருவது. பெயரிடுதல் அனுமதிக்கு ஈடாகாது. முப்பது வினாடிகளுக்குள் எடுத்தால் குற்றமில்லை என்னும் பேச்சுக்கும் இந்தியச் சட்டத்தில் இடமில்லை.

கோயில் திருவிழாவில் நாகசுரக் கலைஞர் அண்மைக்காலப் பாடல் ஒன்றை வாசிப்பதற்கு எவரும் அனுமதி கேட்பதில்லையே என்னும் வினா எழலாம். உண்மையான சமயச் சடங்கின்போது இசைப்பதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அவ்விலக்கு சடங்கோடு நின்றுவிடும். வீட்டில் அமர்ந்து தொகுக்கும் காணொளிக்கு அது நீளாது.

மறுமொழியும் அதன் பின்னும்

அனுமதி எழுத்தில் இருத்தல் வேண்டும். தொலைபேசியில் ‘தாராளமாகப் போட்டுக்கொள், அம்மா’ என்பது அன்பின் அடையாளம், ஆவணம் ஆகாது. ஆகவே மடலை இரண்டு படிகளாக எடுத்து, அடியில் ‘மேற்கண்டவாறு பயன்படுத்த இசைகிறேன்’ என்று பாடகர் எழுதி, கையொப்பமும் நாளும் இட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது எளிய வழி. கேட்பவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி அவருக்கு இல்லை; பெற்றோர் ஒருவர் கையொப்பமிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஓர் இடர் வரலாம். பாடகர் பின்னர் அதே பதிவை இணைய வழியில் விற்க விநியோக நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கக்கூடும். அப்போது யூடியூப்பின் தானியங்கி அடையாள முறை மாணவியின் காணொளியில் அந்த ஒலியைக் கண்டறிந்து, அதனைத் தடுக்கவோ விளம்பர வருவாயை நிறுவனத்துக்குத் திருப்பவோ செய்யும். அம்முறை ஒலியை ஒப்பிடும், மடலைப் படிக்காது. மாணவி செய்ய வேண்டியது, கையொப்பமிட்ட படியைச் சான்றாகக் காட்டி மறுப்புத் தெரிவிப்பதும், உரிமைகோரலை விலக்குமாறு நிறுவனத்துக்கு எழுதப் பாடகரை வேண்டுவதும் ஆகும். அவர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்த நாளுக்கு முந்தைய நாள் மடலில் இருப்பின், அவ்வழக்கு விரைவில் தீரும். நாள் குறிக்கப்படாத மடலாயின், எது முந்தியது என்பதை மெய்ப்பிக்கும் சுமை அவள் தலையிலேயே விழும்.